இரண்டு விடைகள் மட்டும் தெரியும் வினா

வெளிநாட்டில் வாழும் மாணவர் ஒருவர் பல்தேர்வு வினா ஒன்றை எனக்கு அனுப்பியிருந்தார். நான்கு விடைகளில் இரண்டு மட்டுமே பிரதியில் விழுந்திருந்தன.

"இலங்கையில் தமிழும் அரசகரும மொழியாக வேண்டும் என அரசியலமைப்பில் ஏற்பாடு செய்யப்பட்ட ஆண்டு எது? (1) 1956 (2) 1978"

இரண்டில் ஒன்றுதான் சரியாக இருக்கவேண்டும் என்று எண்ணிப் பலரும் 1978ஐத் தெரிவு செய்வர். அது தவறு. இத்தகைய வினாவில், கண்ணிற் பட்ட விடைகளை மறைத்துவிட்டு வினாவுக்கு மட்டும் முதலில் விடை தேடவேண்டும் என்பது என் கருத்து.

1956இன் சட்டம் சிங்களத்தை மாத்திரம் அரசகரும மொழியாக்கியது. 1978இன் அரசியலமைப்பு தமிழைத் தேசிய மொழி என ஏற்றதேயன்றி, அரசகரும மொழி என்னும் தகுதியை சிங்களத்துக்கே வைத்திருந்தது. 1987இல் நிறைவேறிய 13ஆவது திருத்தமே தமிழும் அரசகரும மொழியாதல் வேண்டும் எனக் கூறியது. ஆகவே விடை 1987. தெரிகின்ற இரண்டும் பொருந்தா.

இவ்வளவும் உறுதியாகச் சொல்லலாம். ஆனால் "சரியான விடை 3" என்றோ "4" என்றோ எழுத எமக்கு உரிமையில்லை. விடுபட்ட இடத்தில் 1987 இருக்கலாம். "இவற்றுள் எதுவுமன்று" என்றும் இருக்கலாம். நிருவாக மொழி பற்றிய 16ஆவது திருத்தத்தை மனத்திற்கொண்டு, வினாவை ஆக்கியவர் 1988 என்று பிழையாக எழுதியிருக்கவும் கூடும். காணாத எழுத்துக்கு நாம் சாட்சி சொல்ல முடியாது.

இதே பொருளில் இன்னொரு வினாவைப் பாருங்கள். "1978இன் அரசியலமைப்பின்படி தேசிய மொழி எது? (1) சிங்களம் (2) தமிழ்." இங்கே நிலைமை தலைகீழானது. அந்த யாப்பின் 19ஆவது உறுப்புரை இரண்டையும் தேசிய மொழிகள் என்கிறது. இரண்டு விடைகளும் உண்மை. சிங்களம் என்று மட்டும் குறித்தால் பாதி உண்மை. தமிழ் என்று மட்டும் குறித்தாலும் அவ்வாறே. "மேற்கூறிய இரண்டும்" என்பது மறைந்த விடைகளில் ஒன்றாக இருக்கக்கூடும் என ஊகிக்கலாம். இருக்கிறது என்று கூறலாகாது. தெரிகின்ற விடை ஒன்று உண்மையாக இருப்பதால் மட்டும் அதுவே குறிக்கவேண்டிய விடையாகிவிடாது என்பதற்கு இது நல்ல சான்று.

எனவே முதல் வினாவுக்கு நான் அனுப்பிய பதில் இதுதான்: "விடை 1987, 13ஆவது திருத்தம். நீங்கள் தந்த இரண்டும் தவறு. மற்றைய இரண்டையும் பார்த்தாலன்றி இலக்கத்தைக் கூற இயலாது."

பாதியில் அறுந்த தந்தியை வைத்துத் தலைப்பு எழுதுவோருக்கும் இதே விதிதான். கிடைத்த வரிகளுக்கு மட்டுமே பொறுப்பேற்கலாம்.