வேலையை விட்ட பின் வரும் கடைசிக் கணக்கு



சென்ற மாதம் வவுனியாவிலிருந்து ஒரு சகோதரி என்னைத் தேடி வந்தார். கணவரை யுத்தத்தில் இழந்தவர். அங்குள்ள ஒரு துணிக்கடையில் மூன்று வருடங்களாகக் காசாளராக இருந்தார். அம்மா பாரிசவாதத்தில் விழுந்ததால் வேலையை விட வேண்டியதாயிற்று. கடையிலிருந்து கொடுத்த ஒரு தாளை என் முன் வைத்து, "அக்கா, இதில ஒண்டும் விளங்கேல்ல. கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லினம்" என்றார்.

அதுதான் கடைசிக் கணக்கு. நிறுவனம் நமக்குத் தர வேண்டியது ஒரு பக்கம், நம்மிடமிருந்து கழிப்பது மறுபக்கம், மிஞ்சுவது அடியில். இருவரும் ஒவ்வொரு வரியாக வாசித்தோம்.

அவருடைய மாதச் சம்பளம் 45,000 ரூபா. அதை 30 ஆல் பிரித்து ஒரு நாளுக்கு 1,500 ரூபா எனப் போட்டிருந்தார்கள். இந்த நாட்சம்பளத்தைத்தான் முதலில் தேட வேண்டும். தருகிற வரிக்கும் கழிக்கிற வரிக்கும் அது ஒன்றாக இருக்க வேண்டும். தருவதை 30 ஆலும் கழிப்பதை 26 ஆலும் பிரித்தால் நட்டம் நமக்கே.

ஆகஸ்ட் 20 வரை வேலை செய்ததற்கு 30,000 ரூபா. அடுத்த வரி எடுக்காத லீவுக்கான பணம். வருடாந்த லீவு 14 நாளில் அவர் எடுத்தது 5, மிகுதி 9. அதற்கு 13,500 ரூபா. அவருடைய கொப்பியில் குறித்து வைத்திருந்த லீவு நாட்களும் 5 தான். ஆகவே அது சரி. மொத்தம் 43,500.

கழிவில் ஊழியர் சேமலாப நிதிக்கு, 30,000 ரூபா சம்பளத்தில் 8 வீதமாக 2,400 ரூபா. இதுவும் சரி. அதன் கீழே "முன்னறிவித்தல் குறைவு 23 நாள், 34,500 ரூபா" என்றிருந்தது. அதைக் கழித்து, கைக்கு 6,600 ரூபா என்றார்கள்.

அவருடைய நியமனக் கடிதத்தின்படி, விலகுவதற்கு 30 நாட்களுக்கு முன் அறிவிக்க வேண்டும். அறிவிக்காத நாட்களுக்குச் சம்பளம் பிடிக்கலாம் என்றும் அதில் இருந்தது. அவர் கடிதம் கொடுத்தது ஆகஸ்ட் 8. மறுநாளிலிருந்து 20 வரை 12 நாள். 30 இல் 12 போனால் குறைவு 18 நாள்தான். 23 எப்படி வந்தது? முகாமையாளர் அந்தக் கடிதத்தில் கையெழுத்திட்டது 13 ஆம் திகதி. கடை அன்றிலிருந்து எண்ணியிருந்தது.

நல்ல வேளையாக, கடிதத்தின் பிரதியில் கந்தோர்ப் பிள்ளை "கிடைத்தது" என்று எழுதி, 8 ஆம் திகதியிட்டு ஒப்பமிட்டிருந்தார். அந்த ஒப்பம்தான் கைகொடுத்தது. 5 நாள் பிழை, அதாவது 7,500 ரூபா. பிரதியை இணைத்து ஒரு சிறு கடிதம் எழுதிக் கொடுத்தோம். சரியான தொகை 14,100 ரூபா என்று கணக்கையும் அதில் காட்டினோம்.

இதற்கிடையில் 6,600 ரூபா வங்கிக்கு வந்துவிட்டது. அவர் பதறிப்போய், "அக்கா, 2,100 தான் போட்டிருக்கினம்" என்றார். முதல் இருந்த மீதி 2,300, இப்போது 4,400 என்பது அவர் எண்ணம். பாஸ் புத்தகத்தைப் பதிவு செய்வித்துப் பார்த்தோம். வைப்பு நிரலில் 6,600 சரியாக நின்றது. அதே நாளில் கடன் தவணை 4,500 ரூபா வெளியேறியிருந்தது. மீதியை மட்டும் பார்த்தால் இப்படித்தான் ஏமாறுவோம். வரவு வரியில் தொகையையும் திகதியையும் அனுப்பியவர் பெயரையும் பாருங்கள்.

கடை பிழையை ஏற்றுக்கொண்டது. பத்து நாளில் 7,500 ரூபா தனி வரவாக வந்தது. இரண்டையும் கூட்டினோம்: 14,100.

ஒன்றை மட்டும் அவர் முதலில் செய்யாமல் விட்டது நல்லதாயிற்று. அந்தத் தாளின் அடியில் "எனக்குச் சேர வேண்டிய அனைத்தையும் பெற்றுக்கொண்டேன், வேறு கோரிக்கை இல்லை" என்று இருந்தது. பணம் வருமுன் அதில் ஒப்பமிட்டிருந்தால், 7,500 ரூபாவைக் கேட்கும்போது அதையே நமக்கு எதிராக நீட்டியிருப்பார்கள். அவசரப்படுத்தினால் "தாளைப் பெற்றுக்கொண்டேன்" என்று மட்டும் எழுதித் திகதியிட்டு, ஒரு பிரதியை வாங்கிக்கொள்ளுங்கள். நிறுவனம் பதில் தராவிட்டால், அந்தப் பிரதிகளோடு அருகிலுள்ள தொழில் திணைக்கள அலுவலகத்துக்குப் போகலாம்.

வேலையை விட நினைக்கும் சகோதரி, கடிதத்தை இரண்டு பிரதியாக எழுதுங்கள். ஒன்றைக் கொடுத்து, மற்றதில் வாங்கியவரின் ஒப்பத்தையும் திகதியையும் வாங்கி வீட்டுக்குக் கொண்டு வாருங்கள். இந்தச் சகோதரிக்கு 7,500 ரூபாவைத் திருப்பிக் கொடுத்தது அந்தத் திகதிதான்.