மூன்று தாள்களும் ஒரு கையும்

பத்திரிகைப் பக்கங்களைப் பார்த்தே என் வாழ்நாளின் பெரும்பகுதி கழிந்துவிட்டது. அச்சுக்குப் போகுமுன் ஒரு பக்கத்திடம் மூன்று கேள்விகள் கேட்பது வழக்கம். எழுத்து தெளிவாக விழுமா? படம் உரிய இடத்தில் நிற்கிறதா? பக்கம் ஏதாவது ஒரு புறம் சாய்கிறதா? இந்த மூன்று கேள்விகளும் ஒரு மணப்பெண்ணின் கைக்கும் பொருந்தும் என்பதைச் சென்ற மாதம்தான் அறிந்துகொண்டேன்.

திருகோணமலையிலிருந்து நிலாவெளி வீதியில் உப்புவெளியைத் தாண்டினால் வருவது சாம்பல்தீவு. அங்கே என் தங்கையின் வீடு. அவளுடைய மகளுக்குக் கலியாணம். நாங்கள் மருதோன்றி என்று சொல்லும் மருதாணியைக் கோனில் அடைத்துக் கையில் வரையும் இளம்பெண் ஒருத்தி, மூன்று தாள்களில் மூன்று மாதிரிப் படங்களை வரைந்து கொடுத்திருந்தாள். “மாமா, எது வடிவு? நீங்கள்தான் பேப்பர்க்காரர், சொல்லுங்கோ” என்று மருமகள் அவற்றை என் மடியில் போட்டாள்.

முதல் படத்தில் உள்ளங்கை முதல் முழங்கைக்குக் கீழ்வரை மயில்களும் இலைகளும் நெருக்கமாக நிறைந்திருந்தன. இரண்டாவது, சுட்டுவிரலில் தொடங்கிக் கையைக் குறுக்காகக் கடந்து மேலேறும் ஒரே பூங்கொடி. இருபுறமும் தோல் வெறுமையாகத் தெரியும். மூன்றாவதில் உள்ளங்கையில் ஒரு வட்டம், மணிக்கட்டில் ஒரு பட்டை, முழங்கைக்குக் கீழே இன்னொரு பட்டை. வீட்டில் எல்லோரும் முதல் படத்தின் பக்கம். தாளில் பார்த்தால் நானும் அதையே சொல்லியிருப்பேன். அங்கேதான் தவறு தொடங்குகிறது. அந்தப் படம் தாளுக்கு அழகு, கைக்கு அல்ல.

முதலில் கோட்டின் தெளிவு. செய்தித்தாளும் வழவழப்பான சஞ்சிகையும் ஒரே புகைப்படத்தை அச்சிட்டாலும் ஒரே மாதிரி விழுவதில்லை. செய்தித்தாள் மையை உறிஞ்சும், புள்ளி பரவும், நெருங்கிய புள்ளிகள் ஒன்றாகி இருண்டுவிடும். அதனால் செய்தித்தாளுக்கு அங்குலத்துக்கு 85 வரி என்ற பரும்புள்ளியும், சஞ்சிகைக்கு 150 வரி வரையிலான நுண்புள்ளியும் வைப்பது வழக்கம். தோல் செய்தித்தாளின் இனத்தைச் சேர்ந்தது. மருதோன்றிக் கோடும் தோலின் நுண்ரேகைகள் வழியே இரு ஓரமும் சற்றுக் கசியும். கூர்முனைப் பேனாவால் வரைந்த மயிலிறகில் இரண்டு கோடுகளுக்கு நடுவே ஒரு மில்லிமீற்றர் இடைவெளி அழகாகத் தெரிகிறது. கோனிலிருந்து வரும் கோடே ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர் இருக்கும்போது அந்த இடைவெளி எப்படி உயிர் பிழைக்கும்?

இதைச் சோதிப்பது எளிது. ஒரு மெல்லிய தாளை மாதிரிப் படத்தின் மேல் வைத்து, முனை மழுங்கிய மார்க்கர் பேனாவால் அதே கோடுகளை ஒற்றி எடுக்கச் சொன்னேன். கொடி தப்பியது. வட்டமும் பட்டையும் தப்பின. மயில்களோ கரிய திட்டுகளாகிவிட்டன. படம் வரைந்த பெண்ணே அதைப் பார்த்துச் சிரித்துவிட்டாள்.

நம் பாட்டிமார் உள்ளங்கை நடுவில் பெரிய வட்டப் பொட்டும், சுற்றிச் சிறு பொட்டுகளும், விரல் நுனிகளில் தொப்பியும் மட்டும் வைத்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன். அம்மியில் அரைத்த இலை திப்பியாக இருக்கும், சாறு கசியும். அதில் மயில் வராது, பொட்டு வரும். பொருளுக்கு ஏற்ற வடிவத்தை அவர்கள் தெரிந்து வைத்திருந்தார்கள்.

கடலோரத்துக்கென்று இன்னொரு தொல்லையும் உண்டு. விழுது தோலில் ஒட்டிக்கொள்ளவும் காய்ந்து உதிராமல் இருக்கவும் அதில் சீனி சேர்ப்பார்கள். சீனி காற்றின் ஈரத்தை இழுக்கும். சாம்பல்தீவின் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமா? சீனி கூடினால், போட்டு ஒரு மணிநேரத்தில் கோடு இளகி வழியத் தொடங்கும். அந்தப் பெண் வழக்கத்தில் பாதிச் சீனிதான் போடுவதாகச் சொன்னாள். கைத்தொழில் அறிவு என்பது இதுதான்.

அடுத்தது இடம். பழைய பத்திரிகைத் தாள் ஒன்றை எடுத்து மருமகளின் முன்கையைச் சுற்றி, வெளிப்புறமாக ஒரு நீளக் கீறல் போட்டு விரித்தேன். மணிக்கட்டுப் பக்கம் 15 சென்ரிமீற்றர் அகலம். முழங்கைக்குக் கீழே 23. விரித்த தாள் விசிறி போல இருந்தது. மாதிரிப் படங்களோ மேலும் கீழும் ஒரே அகலமான செவ்வகங்கள். முதல் படத்தை அப்படியே சுற்றினால் மணிக்கட்டில் விளிம்புகள் முட்டிக்கொள்ளும். மேலே போகப்போக விலகி, முழங்கை அருகே எட்டு சென்ரிமீற்றர் தோல் வெறுமையாக நிற்கும், தையல் விட்ட சட்டைக்கை மாதிரி. மூன்றாவது படத்தில் மணிக்கட்டுப் பட்டைக்கு எட்டு இதழ்கள், மேல் பட்டைக்கும் அதே எட்டு. இதழின் அளவு மாறாமல் இருக்க வேண்டுமானால் மேலே பன்னிரண்டு வேண்டும். கொடிக்கு இந்தச் சிக்கல் இல்லை. அது கையைச் சுற்றி மூட முயல்வதில்லை. விரிகிற இடத்தில் ஓர் இலை கூட விட்டால் போதும்.

கை திரும்பும் என்பதையும் தாள் மறைத்துவிடுகிறது. உள்ளங்கையை மேலே காட்டியபடி நேர்கோடு ஒன்றை முன்கையில் வரைந்துவிட்டுக் கையைக் கவிழ்த்துப் பாருங்கள். மணிக்கட்டுக்கு அருகே கோடு முறுக்கிக்கொள்ளும். நேராக நிற்க வேண்டிய தூண்களும் சாளரங்களும் உள்ள படங்கள் இதனால் கோணலாகும். வளைந்தோடும் கொடி முறுக்கினாலும் கொடிதான்.

இனி, யாரும் யோசிக்காத ஒன்று: காப்புகள். மணப்பெண்ணின் மணிக்கட்டில் ஏறும் வளையல்களை அடுக்கி அளந்தால் ஐந்து சென்ரிமீற்றர் இடம் முழுதும் அவற்றுக்குப் போய்விடுகிறது. மூன்றாவது படத்தின் மிக நுணுக்கமான வேலை அந்த ஐந்து சென்ரிமீற்றரில்தான் இருந்தது. அந்தப் பெண் ஒரு மணிநேரம் குனிந்து போடுவதை மணவறையில் ஒருவரும் பார்க்கப்போவதில்லை.

மூன்றாவது கேள்வி, சமநிலை. பக்கத்தைக் கையெட்டும் தூரத்தில் பிடித்துக் கண்ணைச் சுருக்கிப் பார்ப்பது எங்கள் பழக்கம். எழுத்து மறைந்து, எங்கே கனம் எங்கே வெளி என்பது மட்டும் தெரியும். ஆனால் மருதோன்றியில் இந்தக் கணக்கைத் தோல் மாற்றிவிடுகிறது. இலையிலுள்ள லோசோன் என்ற சாயப்பொருள் மேல்தோலின் இறந்த செல்களிலுள்ள கெரட்டினோடு பிணைவதால்தான் நிறம் பிடிக்கிறது. உள்ளங்கையில் அந்தப் படை தடிப்பு, முன்கையில் மெல்லியது. அதே விழுது கீழே கருஞ்சிவப்பாகவும் மேலே வெளிறிய செம்பழுப்பாகவும் நிற்கும். தாளில் ஒரே கறுப்பாகத் தெரியும் படம் கையில் ஏற ஏற மங்கும்.

கலியாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது இதைச் சோதித்தோம். ஒரே இதழை உள்ளங்கையிலும் மணிக்கட்டிலும் முழங்கைக்குக் கீழேயும் போட்டு, ஆறு மணிநேரம் வைத்து, தண்ணீர் படாமல் சுரண்டி எடுத்தோம். அன்று மூன்றும் செம்மஞ்சள். இரண்டாம் நாள் உள்ளங்கை இதழ் நன்றாகக் கறுத்திருந்தது. மேல் இதழைத் தேடிப் பார்க்க வேண்டியிருந்தது. ஆகவே முடிவு எளிதாயிற்று: கொடிதான், ஆனால் மணிக்கட்டுக்கு மேலே தண்டு இரட்டிப்புத் தடிப்பு, பூக்கள் பெரிதாக, எண்ணிக்கையில் குறைவாக, காப்பு வரும் இடத்தில் தண்டு மட்டும். இன்னொன்று, ஒரே தாளைப் பார்த்து இரண்டு கைகளிலும் போட்டால், ஒரு கையில் சுட்டுவிரலில் தொடங்கும் கொடி மற்றதில் சின்னவிரலில் தொடங்கும். மெல்லிய தாளைப் புரட்டி யன்னல் கண்ணாடியில் ஒட்டி மறுகைக்கு வரைந்துகொண்டோம்.

இந்த இடத்தில்தான் உறவுக்காரப் பெண்மணி ஒருவர் குறுக்கிட்டார். “இவ்வளவு கரைச்சல் ஏன்? கறுப்பு மெஹந்தி வாங்கினால் ஒரு மணித்தியாலத்தில் மயிலிறகுகூட மைபோல விழுமே” என்றார். உண்மைதான், விழும். நான் இதை எழுதுவதே அதற்காகத்தான்.

மருதோன்றி இலை தோலில் கறுப்பு நிறம் தராது. ஒரு மணிநேரத்தில் கறுப்பாகப் பிடிக்கும் விழுதில் பெரும்பாலும் இருப்பது தலைமயிர்ச் சாயத்தில் சேர்க்கப்படும் பரா-ஃபீனைலின்டயமின். ஐரோப்பிய ஒன்றியம் அதை மயிர்ச் சாயத்தில் மயிரில் படும்போது நூற்றுக்கு இரண்டு பங்குவரையே அனுமதிக்கிறது. தோலில் நேரே பூச அங்கும் அனுமதி இல்லை, அமெரிக்காவிலும் இல்லை. ஒவ்வாமை வந்தால் கொப்புளம் கோட்டின் வழியே எழும். வரைந்த பூ அப்படியே புண்ணாக நிற்கும். முதல் தடவையில் ஒரு வாரத்துக்கு மேலும் கழித்துத் தோன்றலாம். அடுத்த தடவை ஓரிரு நாளில் வந்துவிடும். ஒருமுறை உடல் அதை எதிரியாக அடையாளம் கண்டுவிட்டால் அது ஆயுள் முழுவதும் மாறாமல் நிற்கலாம். நாற்பது வயதில் தலைக்குச் சாயம் பூசினாலும் முகம் வீங்கும். சக பத்திரிகையாளர் ஒருவருடைய மகளின் முன்கையில் அப்படியொரு பூ வெளிறிய தழும்பாக இருந்ததை நான் கண்டிருக்கிறேன்.

கறுப்பில்தான் தெளிவாக விழும் என்றால், அந்த மாதிரிப் படம் கைக்கு ஏற்றதல்ல என்பதே பொருள். மாற்ற வேண்டியது படத்தை, சாயத்தை அல்ல. கோனை வாங்குகிறவர்கள் இரண்டே கேள்விகள் கேட்கட்டும்: எத்தனை மணிநேரம் வைக்க வேண்டும், முதல்நாள் என்ன நிறம்? “ஒரு மணிநேரம், கறுப்பு” என்று பதில் வந்தால் எழுந்து வந்துவிடலாம்.

கலியாணத்துக்கு இரண்டு நாள் முன்பாக மாலையில் போட்டார்கள். பெருவிரல் அடியில் வியர்வையால் ஓர் இலை கலைந்தது. அதை ஒரு மொட்டாக்கிச் சமாளித்தாள் அந்தப் பெண். தாலி ஏறிய நேரத்தில் நான் நான்காவது வரிசையில் இருந்தேன். என் பழைய கண்ணுக்கு அங்கிருந்தே கொடி தெரிந்தது. மயில் வரைந்த தாளைத் தங்கை இன்னும் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறாள். அது இருக்க வேண்டிய இடம் அதுதான்.