நூறு சதவீதமும் 25 பிள்ளைகளும்

பத்தாம் வகுப்பில் நூற்றுக்கு நூறு தேர்ச்சி என்று ஆண்டு விழா மேடையில் அறிவித்தபோது கைதட்டல் ஓயச் சற்று நேரமாயிற்று. நம் மக்களின் பிள்ளைகள் பலர் படிக்கும், அரசு உதவி பெறும் பள்ளி அது. நிர்வாகக் குழுவில் பெற்றோர் பிரதிநிதியாக இருந்த நானும் மேடையில் இருந்தேன். தலைமையாசிரியருக்குப் பொன்னாடை போர்த்தியவர்களில் நானும் ஒருவன்.

அடுத்த வாரம், எங்கள் குடியிருப்பில் வீட்டு வேலை செய்யும் சேலம் பக்கத்துப் பெண்மணி ஒருவர் ஒரு தாளோடு வந்தார். "இதுல என்ன எழுதியிருக்குன்னு கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க சார்" என்றார். ஆங்கிலத்தில் தட்டச்சு செய்த கடிதம். சொந்தக் காரணங்களால் என் மகனைப் பள்ளியிலிருந்து விலக்கிக்கொள்கிறேன், மாற்றுச் சான்றிதழ் தரவும் என்று இருந்தது. அடியில் அவருடைய கையெழுத்து, தமிழில்.

"என்னம்மா இது, நீங்களா கேட்டீங்க?" என்றேன்.

"இல்லீங்க சார். ஒன்பதாவதுல ரெண்டு பாடம் போயிடுச்சு. பத்தாவது போனா பெயிலாயிடுவான், இப்பவே டி.சி. வாங்கினா வேற ஸ்கூல்ல சேத்துக்குவாங்கன்னு சொன்னாங்க. போடச் சொன்ன இடத்துல போட்டேன்."

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அடுத்த குழுக் கூட்டத்துக்கு முன் பள்ளி அலுவலகத்தில் இரண்டு பட்டியல்களைக் கேட்டு வாங்கினேன். சி.பி.எஸ்.இ. பள்ளிகளில் மாணவர் பெயரை ஒன்பதாம் வகுப்பிலேயே வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும். பத்தாம் வகுப்பில் தேர்வு எழுதுவோர் பட்டியலைத் தனியாக அனுப்ப வேண்டும். எந்தப் பள்ளியிலும் இவ்விரண்டும் இருக்கும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பெயர் பெயராகச் சரிபார்த்தால் போதும்.

ஒன்பதில் பதிவானவர்கள் 96 பேர். அவர்களில் மறு ஆண்டு தேர்வு எழுதியவர்கள் 71 பேர். 71 பேரும் தேறினார்கள். மேடையில் சொன்னது பொய்யில்லை. ஆனால் 96 பேரை வைத்துக் கணக்கிட்டால் அது 74 சதவீதம். மீதி 25 பேரில் 14 பேர் ஒன்பதிலேயே நிறுத்தப்பட்டவர்கள். 5 பேர் திறந்தநிலைப் பள்ளிக்கு அனுப்பப்பட்டவர்கள். 6 பேர் டி.சி. வாங்கியவர்கள், ஆறிலும் காரணம் "பெற்றோர் விருப்பம்".

இவருக்கு முன்பிருந்த தலைமையாசிரியரின் கடைசி ஆண்டையும் பார்த்தேன். ஒன்பதில் 92 பேர், தேர்வு எழுதியவர்கள் 88, தேறியவர்கள் 81. அவர் காட்டிய தேர்ச்சி 92 சதவீதம்தான். அதற்காகக் குழு அவரைக் கடிந்துகொண்டதும் எனக்கு நினைவிருக்கிறது. ஆனால் ஒன்பதில் இருந்த 92 பேரில் 88 சதவீதத்தினரை அவர் கரை சேர்த்திருக்கிறார். யாருக்குப் பொன்னாடை போர்த்தியிருக்க வேண்டும்?

சல்லடை ஏன் ஒன்பதில் விழுகிறது என்பதற்குக் காரணம் உண்டு. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் எட்டாம் வகுப்பு முடியும்வரைதான் பிள்ளையைப் பள்ளியிலிருந்து நீக்கத் தடை விதிக்கிறது. ஒன்பதில் அந்தக் காப்பு இல்லை. பத்தில் வாரியத் தேர்வு நிற்கிறது. நடுவே உள்ள ஓராண்டில் நடப்பது எந்த விளம்பரத்திலும் வராது.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். நம்மில் பலர் மாற்றலாகும் உத்தியோகத்தில் இருப்பவர்கள். தந்தைக்கு மாற்றல் வந்து டி.சி. வாங்குவது இயல்பு. ஆகவே எண்ணிக்கையை மட்டும் பார்த்துத் தலைமையாசிரியரைக் குற்றம் சொல்லக் கூடாது. டி.சி. வாங்கியவரின் வீட்டுக்கு ஒரு தொலைபேசி செய்தால் உண்மை தெரிந்துவிடும். நான் அந்த ஆறு பேரையும் விசாரித்தேன். இருவர் உண்மையாகவே ஊர் மாறியிருந்தனர். நால்வர் அதே தெருவில் இருந்தனர்.

மதிப்பெண்ணிலும் ஒரு நுணுக்கம் உண்டு. பத்தாம் வகுப்பில் பெரும்பாலான பாடங்களுக்கு எழுத்துத் தேர்வு 80, பள்ளியே போடும் அக மதிப்பீடு 20. இரண்டும் சேர்ந்து 33 வந்தால் தேர்ச்சி. பள்ளி 20-க்கு 20 போட்டுவிட்டால் பிள்ளை எழுத்துத் தேர்வில் 13 எடுத்தால் போதும். அகத்தில் 19, எழுத்தில் 15 என்று ஒரு வகுப்பு முழுவதும் வருமானால், அங்கே பாடம் நடக்கவில்லை என்றே பொருள்.

ஆசிரியர்களை ஒரு தலைமையாசிரியர் எப்படி நடத்துகிறார் என்பதை அறிய, ஆசிரியர் அறையில் போய்க் கேட்டால் பயன் இல்லை. யாரும் வாய் திறக்க மாட்டார்கள். வராத ஆசிரியருக்குப் பதில் ஆள் போடும் பதிவேட்டைப் புரட்ட வேண்டும். அங்கே ஒரே நான்கு பெயர்கள் திரும்பத் திரும்ப வந்தால் சுமை யார் தலையில் என்பது விளங்கும். எங்கள் பதிவேட்டில் அவர்கள் நால்வரும் ஒப்பந்த ஆசிரியர்கள். அந்த ஆண்டு பருவத்தின் நடுவில் வேலையை விட்ட மூவரும் அவர்களில் இருந்தவர்களே. போனது கணக்கு ஆசிரியரும் அறிவியல் ஆசிரியரும் என்றால் ஒன்பதாம் வகுப்பில் 14 பேர் நின்றதில் வியப்பென்ன?

பெற்றோர் உறவுக்கு அடையாளம் கூட்டத்தில் நிறைந்த நாற்காலிகள் அல்ல. புகார்ப் பதிவேட்டில் இரண்டு தேதிகள் இருக்கின்றனவா என்று பாருங்கள்: புகார் வந்த தேதி, பதில் சொன்ன தேதி. எங்கள் பதிவேடு ஆண்டு முழுவதும் வெறுமையாக இருந்தது. புகாரே இல்லை என்று மகிழ்ந்தோம். இந்தியும் ஆங்கிலமும் எழுதத் தெரியாத தாய் அதில் எப்படி எழுதுவார் என்று நாங்கள் யோசிக்கவில்லை.

மாணவர் நலனுக்கு நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: தொடர்ந்து ஐந்து நாள் வராத பிள்ளையின் வீட்டுக்கு யார், எந்த நாளில் பேசினார்கள்? வருகைப் பதிவேடு அதைச் சொல்லும். அந்தத் தாயின் மகன் ஜூலையில் 11 நாள் வரவில்லை. மஞ்சள் காமாலை. யாரும் விசாரிக்கவில்லை. அப்போது விட்ட இரண்டு பாடங்களில்தான் அவன் தவறினான்.

நான்கையும் தனித்தனியே மதிப்பெண் போட்டுக் கூட்டினால் ஒன்றின் குறையை இன்னொன்று மறைத்துவிடும் என்பதற்காகவே இதைச் சொல்கிறேன். ஆசிரியர் போனதும், பிள்ளை நோயில் கிடந்ததும், தாய் புரியாமல் கையெழுத்திட்டதும், நூறு சதவீதமும் ஒரே கதை.

தலைமையாசிரியரை நான் வில்லனாக்க விரும்பவில்லை. குழுவில் இந்தக் கணக்கை வைத்தபோது அவர் கோபப்படவில்லை. "ஆண்டுத் தொடக்கத்தில் என்னிடம் நீங்கள் கேட்டது ஒன்றே ஒன்று, நூறு சதவீதம். அதைக் கொடுத்தேன்" என்றார். யாரும் பதில் பேசவில்லை. ஒப்பந்த ஆசிரியர் சம்பளத்தை உயர்த்தக் கேட்டு அவர் எழுதிய கடிதத்தைக் கிடப்பில் போட்டிருந்தவர்களும் நாங்களே.

அந்தப் பையனை மறுபடி சேர்த்துக்கொண்டார்கள். ஓராண்டு தாமதமாகப் பத்தாவது எழுதினான். கணக்கில் 36 வாங்கித் தேறினான். அந்த ஆண்டு பள்ளியின் தேர்ச்சி 93 சதவீதம். பொன்னாடை இல்லை. ஆனால் எதை வைத்து மதிப்பிடுவோம் என்பதை ஏப்ரலிலேயே எழுத்தில் கொடுத்தோம். தம் தரப்பை எழுதித் தரவும் அவருக்கு இடம் வைத்தோம்.

பள்ளிக் குழுக்களில் இருக்கும் சங்க அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை தேர்ச்சி சதவீதத்தைப் படிக்கும்போது, கைதட்டுமுன், ஒன்பதாம் வகுப்பில் எத்தனை பேர் இருந்தார்கள் என்று எழுந்து கேளுங்கள்.