மாமூல் வண்டிப்பாதையும் ஒரு வக்கீல் நோட்டீசும்

செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போகும் சாலையின் இருபுறமும் கல்தூண் நட்டு கம்பிவலை கட்டிய நிலங்கள் கூடிக்கொண்டே போகின்றன. வாங்கியவர் பெரும்பாலும் வெளியூர்க்காரர். சர்வேயரை வைத்து அளக்கிறார், கல்லுக்குக் கல் வேலி போடுகிறார். அந்த வேலிக்குப் பின்னால் ஒருவருக்கு ஒன்றரை ஏக்கர் நஞ்சை இருக்கிறது, நவரை நெல் கதிர் சாய்ந்து நிற்கிறது, அறுவடை இயந்திரம் உள்ளே போக வழியில்லை என்று வைத்துக்கொள்வோம். அவர் வக்கீலிடம் ஓடுகிறார். மறுநாளே நோட்டீஸ் போகிறது: “எமது கட்சிக்காரர் பல வருடங்களாக மேற்படி பாதையை அனுபவித்து வருகிறார்...”

அந்தப் ‘பல வருடங்களாக’ என்பதிலேயே வழக்கு தோற்றுவிடக்கூடும்.

மகாராஷ்டிரத்தின் ராய்கட் மாவட்டத்தில், அலிபாக் அருகே சாஸ்வனே என்ற கடலோர ஊர். பக்கத்து நிலத்தில் கிடந்த 20 அடிப் பாதை யாருக்கு என்று அங்கே ஒரு சண்டை. வழி கேட்டவர்கள் முதல் நீதிமன்றத்தில் ஜெயித்தார்கள். மேல்முறையீட்டில் அது கைநழுவியது. 2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமும் அவர்களைக் கைவிட்டது. கடந்த பல ஆண்டுகளாகப் பயன்படுத்துகிறோம் என்றார்களே தவிர, 20 ஆண்டுக்கு மேலாக என்று வழக்குரையில் சொல்லவில்லை, சாட்சியத்தாலும் நிரூபிக்கவில்லை. போய்வர வேறு வழி இருந்ததால், இதைவிட்டால் வழியே இல்லை என்ற வாதமும் எடுபடவில்லை.

20 ஆண்டு என்ற கணக்கு 1882ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டத்தின் 15ஆம் பிரிவில் இருக்கிறது. அடுத்தவர் பட்டா நிலத்தின் வழியாக 20 ஆண்டு இடைவிடாமல், வெளிப்படையாக, உரிமையோடு போய்வந்திருந்தால் அந்த வழி உரிமையாகிவிடும். அரசு நிலம் என்றால் 30 ஆண்டு. ‘உரிமையோடு’ என்பதைக் கவனிக்க வேண்டும். நல்லெண்ணம் காட்டுவதாக நினைத்து, “இதுநாள்வரை தங்கள் அனுமதியுடன் சென்று வந்த எமது கட்சிக்காரர்” என்று சிலர் எழுதிவிடுகிறார்கள். அனுமதி கேட்டுப் போனவருக்கு இந்தச் சட்டத்தின் உரிமை கிடையாது. கொடுத்த அனுமதியை எதிராளி திரும்பப் பெற்றுக்கொண்டேன் என்று ஒரே வரியில் பதில் போட்டுவிடுவார்.

அதனால் நோட்டீஸ் எழுத உட்காருவதற்கு முன்னால் காகிதங்களைப் பார்க்க வேண்டும். முதலில் புலப்படம். அதில் இரண்டு புள்ளிக்கோடுகளாக வண்டிப்பாதை ஓடுகிறதா, ‘அ’ பதிவேட்டில் அந்த இடம் வண்டிப்பாதைப் புறம்போக்கு என்று இருக்கிறதா என்று கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும். புறம்போக்காக இருந்தால் வேலியை அகற்றும் பொறுப்பு அரசுடையது. 1905ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டத்தின்படி நடவடிக்கை எடுக்கக் கோரி வட்டாட்சியரிடம் மனுக் கொடுக்கலாம். 20 ஆண்டைக் கணக்குப் போட்டுக்கொண்டு சிவில் கோர்ட்டுக்கு அலைய வேண்டியதில்லை.

புலப்படத்தில் இல்லை, பாதை முழுக்க எதிராளி பட்டாவில்தான் கிடக்கிறது என்றால் அடுத்து தாய்ப்பத்திரம். நம் பக்கத்துப் பழைய கிரயப் பத்திரங்களில் சொத்து விவரத்தின் கடைசியில் ‘மாமூல் வண்டிப்பாதை பாத்தியம் உள்பட’ என்றோ, ‘நடைவழி பாத்தியம் சகிதம்’ என்றோ ஒரு வரி வரும். படிப்பவர்கள் அதை வாய்பாடு மாதிரித் தாண்டிப் போய்விடுகிறார்கள். உங்கள் பத்திரத்தில் மட்டும் அந்த வரி இருந்தால் அது துணைச்சாட்சிதான். ஆனால் இரு நிலமும் ஒரே குடும்பத்துச் சொத்தாக இருந்து, பாகப்பிரிவினைப் பத்திரத்தில் வழி விடப்பட்டிருந்தால் அதன் பலமே வேறு. தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு பாதை வழக்கில் 2006இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது: பத்திரத்தால் கொடுத்த வழி, பின்னால் வேறு வழி கிடைத்தாலும் அழியாது. வேறு வழியே இல்லாததால் கிடைக்கும் வழியோ, மாற்றுப்பாதை வந்த அன்றே போய்விடும்.

ஆக, எந்த உரிமையின்படி கேட்கிறோம் என்பதை நோட்டீஸ் சொல்ல வேண்டும். பாதை என்னுடையது என்று ஒரு பத்தியிலும், பாதை உன்னுடையது, நடக்கும் உரிமை என்னுடையது என்று அடுத்த பத்தியிலும் எழுதினால், குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வக்கீல் பிடித்துக்கொள்வது அதைத்தான். பீகாரிலிருந்து வந்த ஒரு வழக்கில் 2008இல் உச்ச நீதிமன்றம், சொந்த நிலம் என்று வழக்குப் போட்டவருக்குக் கேட்காத வசதியுரிமையைக் கொடுத்த தீர்ப்பை ரத்து செய்தது.

கட்டை வண்டி போன தடத்தில் அறுவடை இயந்திரம் போகலாமா என்பதுதான் இன்றைய பெரிய தகராறு. ஒருவகை வழியுரிமையில் இன்னொரு வகை அடங்காது என்கிறது வசதியுரிமைச் சட்டத்தின் 28ஆம் பிரிவு. ஒற்றையடியாக நடந்தவர் டிராக்டர் கேட்க முடியாது. ஆகவே உண்மையில் என்ன போனது, எத்தனை அடி அகலத்தில் போனது என்று எழுத வேண்டும். நோட்டீசின் நடுப்பத்தி இப்படி அமையலாம்:

“எமது கட்சிக்காரரின் தகப்பனாரும் அவருக்குப்பின் எமது கட்சிக்காரரும் 1988 முதல், அதாவது 20 ஆண்டுகளுக்கு மேலாக, தங்கள் நிலத்தின் வடவண்டை வரப்பை ஒட்டிய 10 அடி அகல மாமூல் வண்டிப்பாதையில், யாருடைய அனுமதியும் இன்றி, தங்களுக்கும் தங்களுக்கு முன்பிருந்த உரிமையாளருக்கும் தெரியவே, மாட்டு வண்டியிலும் 1996 முதல் டிராக்டரிலும் சொர்ணவாரி, சம்பா, நவரை ஆகிய பருவங்களில் சென்று வந்துள்ளனர். இந்த மாதம் 3ஆம் தேதி தாங்கள் கல்தூண் நட்டு அதை அடைத்துள்ளீர்கள்.”

ஆண்டும் அகலமும் அவரவர் உண்மைப்படி மாறும். சாட்சி சொல்ல ஆள் இல்லாத ஆண்டை எழுதக் கூடாது. அந்த ஆண்டுகளில் ஏர் ஓட்டிய பெரியவர்கள் ஊரில் இருந்தால் அவர்கள் சாட்சியம் பெரிய பலம்.

அடைத்த தேதி ஏன் அவ்வளவு முக்கியம்? தடையும் தடுத்தவர் யார் என்பதும் தெரிந்த பிறகு ஓராண்டு பேசாமல் இருந்தால், அதைச் சட்டம் இடைமுறிவாகக் கொள்ளும். 20 ஆண்டு அனுபவமும் வழக்குப் போடுவதற்கு முந்தைய இரண்டு ஆண்டுக்குள் வந்து முடிய வேண்டும். பஞ்சாயத்து பேசிப் பேசியே மூன்று போகம் ஓடிவிட்டால் பாட்டன் காலத்துப் பாதை கைவிட்டுப் போகும். தனிநபர் மேல் வழக்குப் போட நோட்டீஸ் கட்டாயமே இல்லை. ஆனாலும் அனுப்ப வேண்டும். வழி கேட்பவர் பேசாமல் இருந்துவிடவில்லை என்பதற்கு ஒப்புகை அட்டையோடு கூடிய அந்தக் கடிதம்தான் அத்தாட்சி. பதினைந்து நாள் கெடு கொடுத்தால் போதும். கதிர் முற்றி நின்றால் அதுவரைகூடக் காத்திராமல் இடைக்காலத் தடை கேட்டு, ஆணையரை அனுப்பிச் சக்கரத் தடத்தை அளந்து படம் எடுக்கச் சொல்லலாம். மழை பெய்து தடம் அழிவதற்குள் அதைச் செய்ய வேண்டும்.

கைகலப்பு வரும் நிலை என்றால் இன்னொரு வாசல் உண்டு. 2024 ஜூலையிலிருந்து நடப்பில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 166ஆம் பிரிவில் நிர்வாக நடுவர் விசாரித்து வழியைத் திறந்துவிட உத்தரவிடலாம். பருவத்துக்குப் பருவம் மட்டும் பயன்படும் பாதை என்றால், கடைசிப் பருவத்தில் அதில் போயிருக்க வேண்டும். அமைதி குலையும் என்ற நிலை இல்லாவிட்டால் இந்த வாசல் திறக்காது.

மகாராஷ்டிர விவசாயிக்கு அந்த நிபந்தனை இல்லை. வயல்வழியை அடைத்தால் ஆறு மாதத்துக்குள் வட்டாட்சியரிடமே போய்த் திறக்க வைக்கலாம். 1906ஆம் ஆண்டின் மாம்லத்தார் நீதிமன்றச் சட்டம் அங்கே இன்றும் உயிரோடு இருக்கிறது. மனைப்பிரிவுகள் வயலை நெருக்கும் செங்கல்பட்டு மாவட்டத்தில், ஒரு போகத்து நெல்லுக்காக உரிமையியல் நீதிமன்றத்தில் வருடக்கணக்கில் நிற்க வைப்பது நியாயமில்லை. தமிழ்நாடு அரசும் வட்டாட்சியருக்கு அப்படியொரு அதிகாரம் கொடுத்துச் சட்டம் இயற்ற வேண்டும்.