ஆறு லட்சம் பேர் பார்த்தார்கள், எத்தனை பேர் தங்கினார்கள்?

யூடியூப் சேனல் நடத்துகிறவர்கள் நாலு பேர் கூடினால் முதல் விசாரிப்பே "எவ்வளவு வியூஸ் போச்சு?" என்பதுதான். லட்சத்தைத் தொட்ட வீடியோதான் சேனலைத் தூக்கி விட்டது, அதே மாதிரி இன்னும் பத்து போட்டால் சப்ஸ்கிரைபர்கள் குவிவார்கள் என்று அடுத்த மாத வேலையையே அதை வைத்து முடிவு செய்கிறார்கள். பார்த்தவரெல்லாம் நம்மைத் தேடி மறுபடி வருவார் என்ற இந்த நம்பிக்கைக்கு அவர்களுடைய சொந்த அனலிட்டிக்ஸிலேயே ஆதாரம் கிடையாது.

பிளவுஸ் தைக்கக் கற்றுத்தரும் ஒரு சேனலை எடுத்துக்கொள்வோம். எண்கள் விளக்கத்துக்காக நான் போட்டவை. கழுத்து டிசைன் ஒன்றைக் காட்டும் ஷார்ட்ஸை 6,00,000 பேர் பார்த்து 480 பேர் சப்ஸ்கிரைப் செய்தார்கள். தீபாவளிக்குத் துணி எடுக்கப் போன விலாகுக்கு 90,000 வியூஸ், 270 பேர். அளவெடுப்பதிலிருந்து கைக்குழி வெட்டுவது வரை நிதானமாகச் சொல்லித்தரும் கட்டிங் பாடத்துக்கு வெறும் 14,000 வியூஸ்தான், ஆனால் 210 பேர். ஆயிரம் வியூஸுக்கு எத்தனை பேர் என்று வகுத்தால் ஷார்ட்ஸுக்கு 0.8, விலாகுக்கு 3, பாடத்துக்கு 15. வியூஸ் பட்டியலில் கடைசியில் கிடப்பதுதான் இந்தப் பட்டியலில் முதலிடம்.

"இருந்தாலும் 480 என்பது 210-ஐ விடப் பெரிசுதானே?" என்பார்கள். பெரிசுதான். ஆனால் அடுத்த ஷார்ட்ஸும் ஆறு லட்சம் போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. அது ஆறாயிரத்தோடு நின்றால் 0.8 வீதத்தில் ஐந்து பேர்கூடத் தேறமாட்டார்கள். பாடம் அதே ஆறாயிரத்தில் தொண்ணூறு பேரைக் கொண்டுவரும். அந்த 480 பேர் அடுத்து வருகிற நீளமான பாடத்தைத் திறக்கிறார்களா என்பது வேறு கேள்வி. திறக்காதவர் எண்ணிக்கையில் மட்டும் இருப்பார்.

இந்த வகுத்தலைத் தெரிந்துகொண்டவர்களில் சிலர் உடனே எதிர்ப்பக்கம் ஓடி, விலாகை நிறுத்து, ஷார்ட்ஸ் தண்டம் என்று தீர்ப்பு சொல்லிவிடுகிறார்கள். அதுவும் அவசரம்தான்.

விலாகைப் பார்த்தவர்களில் பெரும்பாலோர் ஏற்கெனவே சப்ஸ்கிரைபர்கள். தைக்கிற அக்காவைத் தெரியாதவருக்கு அவர் துணி எடுக்கப் போனதில் என்ன அக்கறை? சப்ஸ்கிரைப் செய்தவர் மறுபடி செய்ய முடியாது. ஆனாலும் அவருடைய வியூவும் வகுக்கும் எண்ணில் உட்கார்ந்து வீதத்தைக் குறைக்கிறது. ஸ்டுடியோவின் Advanced mode-இல் Subscription status என்ற பிரிப்பு இருக்கிறது. அதில் விலாகின் 90,000 வியூஸில் 60,000 சப்ஸ்கிரைபர்களுடையது என்று தெரிந்தால், மீதி 30,000-ஆல்தான் வகுக்க வேண்டும். வீதம் 3 இல்லை, 9. பாடத்துக்கு வருகிறவர்கள் தேடலில் வருகிற புதியவர்கள். அதில் 12,500 வியூஸ் அவர்களுடையது என்றால் 15 என்பது ஏறக்குறைய 17 ஆகும், அவ்வளவுதான். பாடம் இன்னும் முன்னால்தான் நிற்கிறது. ஐந்து மடங்காகத் தெரிந்த இடைவெளி மட்டும் இரண்டு மடங்குக்குள் சுருங்கிவிட்டது.

ஷார்ட்ஸுக்கு வேறு சிக்கல். 2025 மார்ச் 31 முதல் ஷார்ட்ஸ் ஓட ஆரம்பித்தாலே, திரும்ப ஓடினாலே ஒரு வியூ. இவ்வளவு நேரம் பார்த்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. விரலால் தள்ளிவிட்டுப் போனவரும் கணக்கில் சேர்ந்துவிட்டார். பழைய எண்ணிக்கை முறை Engaged views என்ற பெயரில் தனியாக இருக்கிறது. அந்தத் தேதிக்கு முன்னும் பின்னும் வந்த ஷார்ட்ஸை வெறும் வியூஸால் வகுத்து ஒப்பிட்டால், வீடியோவின் தரம் மாறாமலே வீதம் சரிந்தது போலத் தெரியும். Engaged views-ஆல் வகுத்தால் இந்த மாயம் போய்விடும்.

எந்த எண்ணை எடுக்கிறோம் என்பதிலும் கவனம் வேண்டும். Subscribers என்ற பத்தி, வந்தவர்களிலிருந்து விலகியவர்களைக் கழித்த மீதி. யார் வந்தார்கள் என்று கேட்கிறவருக்கு வேண்டியது Subscribers gained. வீடியோவைப் பார்த்துவிட்டுச் சேனல் பக்கத்துக்குப் போய் அங்கே சப்ஸ்கிரைப் செய்தவர் இந்த வீடியோவின் கணக்கில் வரமாட்டார். அதனால் எந்த வீதமும் கொஞ்சம் குறைவாகவே காட்டும்.

ஒற்றை வீடியோவை வைத்து ஒரு வகைக்குத் தீர்ப்பு எழுதுவதும் நடக்கிறது. 400 பேர் பார்த்து 8 பேர் சேர்ந்த இன்னொரு பாடத்துக்கு வீதம் 20. அதை முதல் பாடத்தின் 15-உடன் கூட்டி இரண்டால் வகுத்து 17.5 என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். 400 வியூஸில் அந்த 8 பேரில் நாலு பேர் சொந்தக்காரர்கள் என்றாலே வீதம் இரட்டிப்பாகிவிட்டது என்று அர்த்தம்! ஒரே வகை வீடியோக்களை ஸ்டுடியோவில் ஒரு குரூப்பாகச் சேர்த்து, மொத்தச் சப்ஸ்கிரைபர்களை மொத்த வியூஸால் வகுக்க வேண்டும்: 14,400-க்கு 218, அதாவது 15.1.