√x க்கு பூச்சியத்தில் எல்லை உண்டா? ஒரு கேள்வி, இரண்டு கொப்பி, இரண்டு விடை

 

சண்டிலிப்பாயிலும் அயலூர்களிலும் உயர்தரத்தில் இணைந்த கணிதம் படிக்கும் பிள்ளைகளுக்கும், அவர்களின் பெற்றோருக்கும், அந்தப் பாடத்தைப் படிப்பிக்கும் எங்களைப் போன்றவர்களுக்கும் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம்தான். ஆறுதலாக வாசியுங்கள்.

போன கிழமை ஒரு பிள்ளை இரண்டு கொப்பிகளோடு வந்து நின்றது. இரண்டிலும் ஒரே கேள்வி: x பூச்சியத்தை அணுகும்போது √x இன் எல்லை என்ன? ஒரு கொப்பியில் "0" என்று எழுதியதற்குச் சரி போடப்பட்டிருந்தது. மற்றக் கொப்பியில் அதே விடைக்குப் பிழை போட்டு, "எல்லை இல்லை" என்று சிவப்பு மையால் திருத்தியிருந்தது.

"சேர், இதில எது சரி? சோதினையில எதை எழுதுறது?"

இந்தக் கேள்விக்குச் சுருக்கமாகப் பதில் சொல்லி அனுப்ப எங்களுக்கு மனம் வரவில்லை. ஏனென்றால் இங்கே பிழை பிள்ளையிடம் இல்லை. வரைவிலக்கணத்தைச் சொல்லாமல் விடைக்கு மட்டும் புள்ளி போடும் எங்கள் பழக்கத்தில்தான் பிழை இருக்கிறது.

முதலில் கேள்வியை விளங்கிக்கொள்வோம். எல்லை என்றால், x ஓர் இடத்துக்குக் கிட்டக் கிட்டப் போகும்போது சார்பின் பெறுமானம் எதற்குக் கிட்டப் போகிறது என்பதுதான். வழக்கமாக ஓர் எண்ணுக்கு இரண்டு பக்கம் இருந்தும் கிட்டப் போகலாம். 2 ஐ அணுக 1.9, 1.99 என்று இடப்பக்கமாகவும் வரலாம், 2.1, 2.01 என்று வலப்பக்கமாகவும் வரலாம். இரண்டு வழியிலும் ஒரே பெறுமானம் கிடைத்தால் எல்லை உண்டு என்று வகுப்பில் சொல்லிக்கொடுக்கிறோம். பிள்ளைகள் அதை வாய்ப்பாடுபோல் பாடமாக்கி வைத்திருக்கிறார்கள்: "இடப்பக்க எல்லையும் வலப்பக்க எல்லையும் சமன் என்றால் எல்லை உண்டு; இல்லையென்றால் இல்லை."

√x இல் அந்த வாய்ப்பாடு தடக்குப்படுகிறது. மறை எண்ணுக்கு மெய்யெண்களில் வர்க்கமூலம் இல்லை. எனவே சார்பின் ஆட்சி x ≥ 0. பூச்சியம் அந்த ஆட்சியின் ஓரம். வலப்பக்கமாக மட்டுமே அங்கே வரலாம். இடப்பக்கம் வேறு விடை வருகிறது என்பதல்ல பிரச்சினை. இடப்பக்கம் கேள்வியே இல்லை.

எங்கள் வீட்டுக் கிணற்றை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு கல்லைக் கையிலிருந்து சும்மா விட்டால், h மீற்றர் விழ எடுக்கும் நேரம் √(2h/g) செக்கன். காற்றுத் தடையை விட்டுவிடுவோம். g ஐ 9.8 என்று எடுப்போம். 5 மீற்றர் விழ ஏறத்தாழ 1.01 செக்கன். 5 சென்ரிமீற்றர் விழ 0.101 செக்கன். அரை மில்லிமீற்றர் விழ 0.0101 செக்கன். ஆழம் நூறில் ஒன்றாகக் குறையும் ஒவ்வொரு தடவையும் நேரம் பத்தில் ஒன்றாகக் குறைகிறது. ஆழம் பூச்சியத்தை அணுக நேரமும் பூச்சியத்தை அணுகுகிறது. "மறை ஆழம் விழ எவ்வளவு நேரம்?" என்று ஒருவரும் கேட்கப் போவதில்லை. அதற்காக, "ஆகவே விழும் நேரத்துக்கு எல்லை இல்லை" என்று சொல்வோமா?

இதை முறைப்படியும் காட்டலாம். √x ஐ 0.01 இலும் சிறிதாக்க வேண்டுமா? x ஐ 0.0001 இலும் சிறிதாக எடுத்தால் போதும். எந்த நேர் எண் ε தந்தாலும் δ = ε² என்று எடுங்கள். 0 < x < δ என்றால் √x < ε. ஆகவே x → 0⁺ ஆகும்போது √x → 0. இந்த வலப்பக்க எல்லையில் ஒரு ஆசிரியருக்கும் மாற்றுக் கருத்து இல்லை.

சண்டை வருவது அந்தச் சின்ன "+" அடையாளம் இல்லாமல் கேள்வி கேட்கும்போதுதான். உலகத்தில் நல்ல புத்தகங்களிலேயே இதற்கு இரண்டு வழக்கம் உண்டு. ஜேம்ஸ் ஸ்டூவர்ட்டின் நுண்கணிதப் புத்தகம் போன்றவை, அந்தப் புள்ளியின் இரண்டு பக்கத்திலும் சார்பு வரையறுக்கப்பட்டிருக்க வேண்டும் என்று தொடங்குகின்றன. அந்தக் கணக்கில் √x க்கு பூச்சியத்தில் வலப்பக்க எல்லை மட்டுமே உண்டு. இருபக்க எல்லை என்று ஒன்று இல்லை. வால்டர் ரூடினின் பகுப்பாய்வுப் புத்தகம், ஆட்சிக்குள் இருக்கும் எண்களை மட்டுமே பார் என்கிறது. அந்தக் கணக்கில் "+" இல்லாமலே விடை 0. இரண்டு கொப்பியிலும் திருத்தியவர்கள் தங்கள் தங்கள் வரைவிலக்கணத்துக்கு விசுவாசமாகத்தான் இருந்திருக்கிறார்கள். ஆனால் எந்த வரைவிலக்கணம் என்பதைப் பிள்ளைக்குச் சொல்லவில்லை.

"எல்லை இல்லை" என்பதோடு நிறுத்துவதில் இன்னொரு கேடும் இருக்கிறது. அதே பிள்ளை அடுத்த பாடத்தில், √x என்பது [0, ∞) என்ற ஆயிடையில் தொடர்ச்சியானது என்று படிக்கும். எல்லை இல்லாத இடத்தில் தொடர்ச்சி எப்படி வந்தது? ஓரப் புள்ளியில் தொடர்ச்சியை ஒருபக்க எல்லையால்தான் தீர்மானிக்கிறோம் என்று முதலே சொல்லியிருந்தால் இந்தக் குழப்பம் வந்திராது.

சரி, இப்போது மடக்கை. இதற்கும் ஓரம் பூச்சியம்தான்; இங்கேயும் வலப்பக்கமாக மட்டுமே வரலாம். ஆனால் கதை வேறு. மடக்கை என்பது அடுக்கைச் சொல்லும் எண். 1000 என்பது 10³. அதன் மடக்கை 3. 0.001 என்பது 10⁻³; அதன் மடக்கை −3. 10 இன் எந்த அடுக்கும் பூச்சியம் ஆகாது. எனவே √x இல் பூச்சியம் ஆட்சிக்குள் இருக்கிறது. Log x இல் பூச்சியம் ஆட்சிக்கு வெளியே இருக்கிறது.

இதைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் பள்ளிவாசலிலோ கோயிலிலோ கலியாண வீட்டிலோ ஒலிபெருக்கிக்காரரின் மிக்ஸரைப் பாருங்கள். சத்தத்தைக் கூட்டிக் குறைக்க மேலும் கீழும் தள்ளும் ஒரு பொத்தான் இருக்கும். அதன் பக்கத்தில் டெசிபலில் அளவு போட்டிருப்பார்கள். 0 என்பது வந்த சமிக்ஞையை அப்படியே விடும் இடம். அதைப் பத்தில் ஒன்றாக்கினால் −20. நூறில் ஒன்று −40. ஆயிரத்தில் ஒன்று −60. முழுக்க நிறுத்தும் அடி நுனியில் எண் எதுவும் இராது. ∞ என்ற குறி இருக்கும். ஏனென்றால் டெசிபல் மடக்கையில் அளக்கப்படுகிறது: விகிதம் x என்றால் 20 log x. x பூச்சியம் என்றால் போட எண் கிடையாது. அந்தக் குறி, "இந்தப் பக்கம் எவ்வளவும் கீழே போகும்" என்பதைத்தான் சொல்கிறது.

log x ஐ −100 இலும் கீழே இறக்க வேண்டுமா? x ஐ 10⁻¹⁰⁰ இலும் சிறிதாக்குங்கள். −1000 இலும் கீழே வேண்டுமா? 10⁻¹⁰⁰⁰ இலும் சிறிதாக்குங்கள். எந்த மறை எண்ணைச் சொன்னாலும் அதற்குக் கீழே இறக்கலாம். இதைத்தான் x → 0⁺ ஆகும்போது log x → −∞ என்று எழுதுகிறோம். அடி e ஆக உள்ள ln x க்கும் இதேதான்.

பிள்ளைகள் இங்கே விடும் பிழை, அதை log 0 = −∞ என்று எழுதுவது. −∞ ஓர் எண் அல்ல. எண் என்று நினைத்துக் கணக்குச் செய்தால் உடனே மாட்டுப்படும். x log x ஐ எடுங்கள். "பூச்சியத்தால் எதைப் பெருக்கினாலும் பூச்சியம்" என்று ஒரு பிள்ளை 0 போடும். போட்டுப் பார்த்தால் x = 0.1 இல் −0.1, 0.01 இல் −0.02; 0.001 இல் −0.003. உண்மையில் பூச்சியத்துக்குத்தான் போகிறது. விடை சரி, ஆனால் காரணம் பிழை. காரணம் பிழை என்று எப்படித் தெரியும்? x க்குப் பதிலாக 1/log x ஐப் போடுங்கள். அதுவும் பூச்சியத்துக்குத்தான் போகிறது. ஆனால் அதை log x ஆல் பெருக்கினால் எப்போதும் 1. இரண்டு கணக்கும் "பூச்சியம் பெருக்கல் −∞" தான்; விடைகள் 0, 1. x log x பூச்சியத்துக்குப் போவது, மடக்கை கீழே இறங்கும் வேகத்தை விட x மிக வேகமாகச் சுருங்குவதால்.

ஆட்சியைப் பார்க்காமல் "போட்டுப் பார்" என்ற பழக்கம் எங்கே கவிழ்க்கும் என்பதற்கு ஒரு கணக்கு. x → 0 ஆகும்போது √(x³ − x²) இன் எல்லை என்ன? x = 0 என்று போட்டால் 0 வருகிறது. பிள்ளை சந்தோசமாக 0 என்று எழுதும். இப்போது கிட்டப் போய்ப் பாருங்கள். x = 0.1 என்றால் மூலத்துக்குள் 0.001 − 0.01 = −0.009. x = −0.1 என்றால் −0.001 − 0.01 = −0.011. இரண்டும் மறை. உள்ளே இருப்பது x²(x − 1); ஆகவே ஆட்சி x ≥ 1, அதோடு தனியாக x = 0. பூச்சியத்துக்குப் போக இடப்பக்கமும் வழியில்லை, வலப்பக்கமும் வழியில்லை. மேலே சொன்ன இரண்டு வரைவிலக்கணத்தின்படியும் இங்கே எல்லை என்ற பேச்சே எழாது.

ஆகவே எங்கள் கருத்து இது. கேள்வி தயாரிக்கும் ஆசிரியர்கள் ஓரப் புள்ளி என்றால் x → 0⁺ என்றே எழுதுங்கள். ஒரு "+" போட எங்களுக்குக் கஷ்டமில்லை. திருத்தும்போது, பிள்ளை ஆட்சியை எழுதிக் காரணம் காட்டியிருந்தால், எங்கள் வழக்கத்துக்கு மாறான விடை என்பதற்காகப் புள்ளியை வெட்டாதீர்கள். ஆட்சியைப் பற்றி ஒரு சொல்லும் இல்லாமல் வெறும் 0 எழுதிய பிள்ளையிடம், "எந்தப் பக்கம் இருந்து வந்தாய்?" என்று கேளுங்கள்.

அந்தப் பிள்ளைக்கு நாங்கள் சொன்ன வழியையும் எழுதிவிடுகிறோம். கேள்வியில் "+" இல்லாவிட்டால் இப்படி எழுது: "√x இன் ஆட்சி x ≥ 0. ஆகவே பூச்சியத்தை வலப்பக்கமாக மட்டுமே அணுகலாம். வலப்பக்க எல்லை 0." எந்த வரைவிலக்கணத்தைப் பிடித்தவர் திருத்தினாலும் இந்த மூன்று வரியில் ஒன்றையும் பிழை என்று சொல்ல முடியாது.

பிள்ளை இரண்டு கொப்பியிலும் அந்த வரிகளை எழுதிக்கொண்டு போனது. இதில் எங்களுக்குப் பிழை பட்டிருந்தால் சக ஆசிரியர்கள் சொல்லுங்கள், திருத்திக்கொள்கிறோம். தொடர்ச்சி பற்றி இன்னொரு நாள் எழுதுகிறோம், இன்ஷா அல்லாஹ்.