99 வீதம் என்றால் எத்தனை மணித்தியாலம்?



பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் கூட்டம் வருகிற வெள்ளிக்கிழமை நடக்கிறது. மாணவர் வரவு, தவணைப் புள்ளிகள், பெற்றோருக்கு எஸ்எம்எஸ் மூன்றையும் ஒன்றாகச் செய்யும் ஒன்லைன் சிஸ்டம் ஒன்றை வாங்குவதா என்று அதில் முடிவெடுக்க இருக்கிறோம். கம்பனி தந்த தாளில் பெரிய எழுத்தில் "99 வீதம் இயங்கும் என்ற உத்தரவாதம்" என்று போட்டிருக்கிறார்கள். "நூற்றுக்கு ஒன்றுதானே குறை, இதில் என்ன யோசனை?" என்று சங்கத்தில் சிலர் கேட்டார்கள். எங்களுக்கு யோசனை இருக்கிறது. பரீட்சையில் 99 எடுத்த பிள்ளையைக் குறை சொல்ல மாட்டோம். ஆனால் இது புள்ளிக் கணக்கு அல்ல, மணித்தியாலக் கணக்கு.

ஒரு வருடத்தில் 365 நாட்கள், நாளொன்றுக்கு 24 மணித்தியாலம், மொத்தம் 8760. அதில் நூற்றில் ஒரு பங்கு 87.6 மணித்தியாலம். அதாவது 3 நாட்கள், 15 மணித்தியாலம், 36 நிமிடம். இவ்வளவு நேரம் சிஸ்டம் படுத்துக் கிடந்தாலும் கம்பனி தன் வாக்கை மீறவில்லை. வாராவாரம் பிரித்துப் பார்த்தால் 1 மணித்தியாலம் 40 நிமிடம் வரும். ஒவ்வொரு வெள்ளியும் ஜும்ஆ நேரத்தில், 12 மணி தொடக்கம் 1.40 வரை, வருடம் முழுக்க அது வேலை செய்யாவிட்டாலும் 99 வீதம் 99 வீதம்தான்.

இதிலும் ஒரு விஷயம் இருக்கிறது. கம்பனி கணக்குப் பார்ப்பது 24 மணி நேரத்துக்கும். இரவு 2 மணிக்கு எங்களில் யார் வரவு பதியப் போகிறோம்? எங்களுக்கு அது தேவைப்படுவது காலை 7.30 முதல் பகல் 1.30 வரையான 6 மணித்தியாலம் மட்டும். அந்த 87.6 மணித்தியாலமும் பாடசாலை நேரத்திலேயே விழுந்தால், 6 ஆல் பிரித்துப் பாருங்கள், கிட்டத்தட்ட 15 பாடசாலை நாட்கள். மூன்று வாரம். எல்லாமே பகலில்தான் விழும் என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் சிஸ்டத்தை எல்லோரும் ஒரே நேரத்தில் திறக்கும்போதுதான் அதற்குப் பாரம் கூடும், காலை 7.45க்கு எத்தனை பாடசாலைகளில் எத்தனை ஆசிரியர்கள் ஒன்றாக வரவு பதிவார்கள் என்று நினைத்துப் பாருங்கள். ஓ.எல். பெறுபேறு வெளியாகும் நாளில் இணையத்தளம் திறக்காமல் பிள்ளைகள் போனைத் தட்டிக்கொண்டு இருப்பதை எல்லா வீட்டிலும் பார்த்திருக்கிறோம்.

இது எவ்வளவு தளர்வான வாக்கு என்பதற்கு நமக்கெல்லாம் ஞாபகமுள்ள ஒரு நாளையே எடுத்துக்கொள்வோம். 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. பாணந்துறை உபமின் நிலையத்தில் குரங்கு ஒன்று மின்மாற்றியில் பட்டதால் முழு நாட்டுக்கும் கரண்ட் போனது. மாத்தளைக்கும் போனது. பக்கத்திலேயே உக்குவெல நீர்மின் நிலையம் இருந்தும் ஒன்றும் ஆகவில்லை, எல்லாம் ஒரே வலையமைப்பில் கட்டப்பட்டது. உலகம் முழுக்கச் சிரித்த செய்தி அது. நாடு பழைய நிலைக்கு வர ஏறக்குறைய 6 மணித்தியாலம் எடுத்தது.

இப்போது கணக்குப் போடுவோம். அந்த பெப்ரவரிக்கு 28 நாட்கள், 672 மணித்தியாலம். அதில் 1 வீதம் 6 மணித்தியாலம் 43 நிமிடம். ஆகவே நாடே இருண்ட அந்த நாளை மட்டும் எடுத்தால், மாதக் கணக்கில் 99.1 வீதம் வருகிறது. "99 வீதம் கரண்ட் தருவோம்" என்று யாராவது கையெழுத்துப் போட்டுத் தந்திருந்தால், அந்தக் குரங்குக்குப் பிறகும் அவர் வாக்குத் தவறாதவர்!

கதை அத்தோடு முடியவில்லை. நுரைச்சோலையின் இயந்திரங்களும் நின்றுவிட்டதால் 10ஆம், 11ஆம் திகதிகளில் பல பிரதேசங்களில் ஒன்றரை மணித்தியாலம் வீதம் மின்வெட்டு. அந்த 3 மணித்தியாலத்தையும் சேர்த்தால் 9. மாதக் கணக்கில் இப்போது 98.7 வீதம், வாக்கு மீறப்பட்டுவிட்டது. ஆனால் இதே 9 மணித்தியாலத்தை வருடக் கணக்கில் வைத்தால்? 99.9 வீதம்! மூன்று நாட்களும் மாறவில்லை, குரங்கும் மாறவில்லை, வகுக்கும் எண் மட்டும்தான் மாறியது. எங்களுக்குத் தந்த தாளில் 99 வீதம் என்பது மாதத்துக்கா வருடத்துக்கா என்று எங்கும் எழுதவில்லை. வருடத்துக்கு என்றால் மூன்றரை நாள் தொடர்ந்து விழுந்தாலும் கேள்வி கேட்க முடியாது. மாதத்துக்கு என்றால் 7 மணித்தியாலத்தைத் தாண்டியதும் கேட்கலாம்.

இன்னுமொன்று. அந்தக் கம்பனி சொல்லும் 99 வீதம் அவர்களுடைய சேர்வருக்கு மட்டும். எங்கள் வகுப்பறைக்கும் அந்த சேர்வருக்கும் இடையில் கரண்ட் இருக்கிறது, டவர் இருக்கிறது. மூன்றும் தலா 99 வீதம், ஒன்றோடொன்று தொடர்பில்லாமல் விழுகின்றன என்று வைத்தால், மூன்றையும் பெருக்க வேண்டும். 97 வீதம் வரும். வருடத்துக்கு 260 மணித்தியாலம், கிட்டத்தட்ட 11 நாட்கள். சங்கிலியில் வளையம் கூடக் கூட இது வளரும். 2023 ஆரம்பத்தில் உயர்தரப் பரீட்சை நேரத்திலும் நாளுக்கு 2 மணித்தியாலம் 20 நிமிடம் கரண்ட் வெட்டினார்களே, அந்தக் காலத்தில் முதல் வளையமே 90 வீதம்தான்.

"இரண்டு சிம் வைத்தால் சரிதானே" என்று எங்களில் ஓர் ஆசிரியர் சொன்னார். நல்ல யோசனைதான். இரண்டும் தனித்தனியாக விழுபவை என்றால், இரண்டும் ஒரே நேரத்தில் இல்லாமல் போவது வருடத்துக்கு ஒரு மணித்தியாலத்துக்கும் குறைவு. ஆனால் மலைப்பக்கத்தில் இரண்டு கம்பனிகளின் அன்டெனாவும் ஒரே கோபுரத்தில், ஒரே கரண்டில் இருக்கலாம். பெட்டரி இறங்கியதும் இரண்டும் சேர்ந்தே போகும். டித்வா புயலின்போது, 2025 நவம்பர் கடைசியில், மாத்தளையில் அதைத்தானே பார்த்தோம். கரண்டும் போனது, சிக்னலும் போனது, பாதையும் மூடியது.

எங்களுக்கு உண்மையில் கவலை தருவது இந்த இடம்தான். புள்ளி அட்டை ஒரு நாள் பிந்தினால் ஒன்றும் கெட்டுவிடாது. ஆனால் இந்த சிஸ்டத்தை வாங்கச் சொல்வதற்குக் காட்டப்படும் பெரிய காரணமே, மண்சரிவு எச்சரிக்கை வந்தால் பெற்றோருக்கு உடனே எஸ்எம்எஸ் போகும், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகலாம் என்பது. றத்தோட்டைப் பக்கமிருந்தும் உக்குவெல மேட்டிலிருந்தும் வரும் பிள்ளைகளுக்கு அது சின்ன விஷயமல்ல. கரண்டும் டவரும் விழும் நாளும், அந்த எஸ்எம்எஸ் தேவைப்படும் நாளும் ஒரே நாள். வருடத்தின் மற்ற 364 நாளும் ஒழுங்காக ஓடிவிட்டு அந்த ஒரு நாள் நின்றால் தாளில் 99.7 வீதம் என்று வரும்.

நட்டஈடு தருவோம் என்றும் எழுதியிருக்கிறார்கள், தாண்டிய மணித்தியாலத்துக்கு ஏற்ப. உதாரணத்துக்கு மாதக் கட்டணம் 10,000 ரூபா என்று வைப்போம். 30 நாள் மாதத்தில் ஒரு நாள் முழுக்க, 24 மணித்தியாலம், நின்றுவிட்டது. அனுமதிக்கப்பட்ட 7.2ஐக் கழித்தால் 16.8 மணித்தியாலம். 10,000ஐ 720 ஆல் பிரித்துப் பெருக்கினால் 233 ரூபா. ஒரு பெற்றோர் பாடசாலைக்கு வந்து போகும் ஆட்டோக் காசு கூட வராது. இது இந்தக் கம்பனியின் குறை மட்டுமல்ல, பெரிய இடங்களிலும் இப்படித்தான். கூகுள் வேர்க்ஸ்பேஸ் மாதத்துக்கு 99.9 வீதம், அதாவது 43 நிமிடம்தான் விழலாம் என்கிறது. மீறினால் சேவை நாட்களைக் கூட்டித் தருகிறார்கள், மாதாமாதம் கட்டுபவர்களுக்கு அந்த நாட்களின் பெறுமதியைக் கட்டணத்தில் கழிக்கிறார்கள்.

கம்பனியை ஏமாற்றுக்காரர் என்று நாங்கள் சொல்லவில்லை. ஒவ்வொரு 9ஐயும் கூட்டுவதற்கு இரண்டாவது சேர்வர், இராத்திரி முழித்திருக்கும் ஆள் என்று செலவு ஏறும், அதை நம்மால் கொடுக்கவும் முடியாது. 99 வீதம் என்பது சின்னக் கம்பனி ஒன்று நேர்மையாகச் சொல்லக்கூடிய எண்ணாகவும் இருக்கலாம். ஆகவே 99.99 கேட்டுச் சண்டை பிடிக்கத் தேவையில்லை என்பதுதான் எங்கள் கருத்து. நாம் கேட்க வேண்டியது வேறு.

வாக்கை மாதக் கணக்கில், பாடசாலை நாட்களில் காலை 7 முதல் பகல் 2 வரையான நேரத்துக்கு எழுதித் தரட்டும். இரவில் என்ன செய்தாலும் எங்களுக்குக் கவலையில்லை, அவர்களுக்கும் அது இலகு. "முன்னறிவித்த பராமரிப்பு கணக்கில் சேராது" என்று கீழே சின்ன எழுத்தில் இருக்கிறது, அதற்கு ஓர் எல்லை வேண்டும். வாரம் 4 மணித்தியாலம் பராமரிப்பு என்றால் வருடத்துக்கு 208, அதுவே அந்த 87ஐப் போல் இரண்டு மடங்குக்கு மேல். "விழுந்தது" என்பதற்கும் அர்த்தம் எழுத வேண்டும். பக்கம் திறந்து, ஆனால் எஸ்எம்எஸ் போகாவிட்டால் அதுவும் விழுந்ததுதான்.

யார் அளப்பது என்பதும் முக்கியம். இப்போதைக்கு அவர்களே அளந்து அவர்களே சொல்வார்கள். அலுவலகத்தில் ஒரு கொப்பி வைப்போம், திறக்காத நேரம், திரும்ப வந்த நேரம் இரண்டையும் எழுதுவோம். எழுத முன் வேறொரு சிம்மில் இருந்து திறந்து பார்க்க வேண்டும். அதில் திறந்தால் பிழை டவரில், சேர்வரில் இல்லை. வேறு தளங்கள் எல்லாம் திறந்து இது மட்டும் திறக்காவிட்டால் பிழை அவர்கள் பக்கம்.

வரவு இடாப்பை நிறுத்துவதற்கு நாங்கள் உடன்பட மாட்டோம். வகுப்பாசிரியரிடம் பெற்றோரின் தொலைபேசி இலக்கங்களும், யார் பிள்ளை யாரோடு வீட்டுக்குப் போவது என்பதும் கையால் எழுதிய தாளில் இருக்க வேண்டும். மண்சரிவு எச்சரிக்கைக்கு பள்ளிவாசல் ஒலிபெருக்கியைப் பயன்படுத்த நிர்வாகத்தோடு பேசுவோம், அதற்கும் பெட்டரி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு.

கூட்டம் ஜும்ஆவுக்குப் பிறகு, பாடசாலை மண்டபத்தில். ஒப்பந்தத்தின் பிரதி அலுவலகத்தில் இருக்கிறது. வருபவர்கள் இரண்டாம் பக்கத்தின் கடைசிப் பந்தியை மட்டுமாவது வாசித்துவிட்டு வாருங்கள்.